மேக்டியில் எதைப் பார்த்து விற்பது: பட்டையா, சிக்னல் கோடா, பூஜ்யக் கோடா?

கையில் ஒரு பங்கு இருக்கிறது. 100 ரூபாயில் வாங்கியது, இன்று 133-ஐத் தாண்டி நிற்கிறது. சாயங்காலம் சார்ட்டைத் திறந்தால், கீழே மேக்டி கட்டத்தில் மூன்று விதமான செய்தி. பட்டைகள் நாலு வாரத்துக்கும் மேலாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. மேக்டி கோடு இன்றைக்குத்தான் சிக்னல் கோட்டைக் கீழ்நோக்கி வெட்டியிருக்கிறது. ஆனால் இரண்டு கோடுகளுமே பூஜ்யத்துக்கு வெகு மேலே இருக்கின்றன. விலையோ நேற்றைவிட இன்று அதிகம். விற்பதா, வைத்திருப்பதா?

இந்த இடத்தில் பலரும் மூன்றில் தங்களுக்குப் பிடித்த பதிலைத் தரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். விற்க மனம் வராதவர் பூஜ்யக் கோட்டைக் காட்டுவார், பயந்தவர் பட்டையைக் காட்டுவார். மூன்றும் ஒரே கணக்கிலிருந்து வந்தவைதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. எது எந்தக் கேள்விக்கு என்று தெரிந்துவிட்டால், எதை நம்பி விற்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். அதற்காக ஒரு பங்கின் விலையை நாமே கட்டி, மூன்று வழிகளையும் அதில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.

முதலில் கணக்கு. திரையில் MACD என்று இருப்பதைத்தான் மேக்டி என்கிறோம். ஜெரால்ட் அப்பெல் 1970-களில் உருவாக்கியது. சமீப விலைக்கு அதிக எடை கொடுக்கும் சராசரிதான் இஎம்ஏ. 12 நாள் இஎம்ஏ ஒன்று, 26 நாள் இஎம்ஏ ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மேக்டி கோடு. அந்த மேக்டி கோட்டுக்கே 9 நாள் இஎம்ஏ எடுத்தால் சிக்னல் கோடு. மேக்டியிலிருந்து சிக்னலைக் கழித்தால் வருவதுதான் பட்டைகளாகத் தெரியும் ஹிஸ்டோகிராம். இந்தப் பட்டை அப்பெல் கொடுத்ததில் இல்லை, 1986-இல் தாமஸ் ஆஸ்ப்ரே சேர்த்தது.

சாதாரண சராசரியில் 12 நாள் விலைக்கும் சமமான எடை. இஎம்ஏ அப்படியில்லை. 12 நாள் இஎம்ஏ-வில் இன்றைய முடிவு விலைக்கு 13-இல் 2 பங்கு எடை, நேற்றைய இஎம்ஏ-வுக்கு மீதி 11 பங்கு. 26 நாளுக்கு இன்றைய விலை 27-இல் 2 பங்கு, நேற்றையது 25 பங்கு. அதனால் பழைய விலைகளின் பங்கு ஒரேயடியாக அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கூகுள் ஷீட்டில் B நெடுவரிசையில் விலையைப் போட்டுக்கொண்டு, மற்றதை இப்படி எழுதலாம்:

```
C3: =B3*2/13 + C2*11/13
D3: =B3*2/27 + D2*25/27
E3: =C3-D3
F3: =E3*2/10 + F2*8/10
G3: =E3-F3
```

C 12 நாள் இஎம்ஏ, D 26 நாள் இஎம்ஏ, E மேக்டி, F சிக்னல், G பட்டை. B2, C2, D2 மூன்றிலும் 100, E2-விலும் F2-விலும் பூஜ்யம் போட்டு, மூன்றாம் வரிசையை முதல் நாளாக வைத்துக் கீழே இழுத்தால் போதும். கீழே நான் சொல்லும் எண்கள் எல்லாம் இந்த ஐந்து வரியில் வந்தவை, நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பங்கு தினம் 1 ரூபாய் வீதம் நெடுநாள் ஏறிக்கொண்டே போனால், 12 நாள் இஎம்ஏ விலைக்கு 5.50 ரூபாய் பின்னால் வந்துகொண்டிருக்கும். 26 நாள் இஎம்ஏ 12.50 ரூபாய் பின்னால் வரும். நாள் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் அதுதான் தாமதம். இரண்டுக்கும் இடைவெளி 7 ரூபாய். அப்படியென்றால் மேக்டி போய் நிற்க விரும்பும் இடம், தினசரி ஏற்றத்தைப் போல் 7 மடங்கு. தினம் 2 ரூபாய் ஏறினால் 14, தினம் 50 பைசா ஏறினால் 3.50.

ஆக மேக்டி காட்டுவது விலையின் உயரத்தை இல்லை, வேகத்தை. சிக்னல் கோடு என்பது சமீப நாட்களின் சராசரி வேகம். பட்டை, இன்றைய வேகம் அந்தச் சராசரியைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டும் சொல்கிறது. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால், அது விழுப்புரத்தை நோக்கித்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பட்டையும் சிக்னல் கோடும் அந்த 80-60 மாற்றத்துக்குப் பதில் சொல்பவை. பஸ் திரும்பி வர ஆரம்பித்த பிறகு, அதுவும் சற்றுத் தாமதமாக, பதில் சொல்வது பூஜ்யக் கோடு.

சரி, விலையைக் கட்டுவோம். பங்கு நெடுநாளாக 100 ரூபாயில் அசையாமல் கிடந்தது. முதல் 30 நாள் தினம் 1 ரூபாய் ஏறி 130 ஆகிறது. அடுத்த 20 நாள் ஏற்றம் பாதியாகி, தினம் 50 பைசா வீதம் 140-க்குப் போகிறது. 51-ஆம் நாளிலிருந்து தினம் 1 ரூபாய் இறங்குகிறது. நிஜப் பங்கு இவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஆனால் ஒழுங்கான விலையில் ஒரு கருவி என்ன செய்கிறது என்று தெரியாமல், குலுங்குகிற விலையில் அதைப் படிக்க முடியாது. முதல் நாளே மூன்று வழிகளும் வாங்கச் சொல்லும், ஏனென்றால் எல்லாமே பூஜ்யத்திலிருந்து ஒன்றாகக் கிளம்புகின்றன. வித்தியாசம் விற்பதில்தான்.

முதல் வழி, பட்டை சுருங்க ஆரம்பித்ததுமே விற்பது. பட்டை 14-ஆம் நாள் வரை வளர்ந்து 0.974-ஐத் தொடுகிறது. 15-ஆம் நாள் 0.967. 20-ஆம் நாள் 0.844. 30-ஆம் நாள் 0.498, கிட்டத்தட்டப் பாதி. இத்தனைக்கும் இந்த 30 நாளில் விலையில் ஒரு சின்னத் தளர்ச்சிகூட இல்லை. முதல் நாளும் 1 ரூபாய், முப்பதாம் நாளும் 1 ரூபாய். பட்டை ஏன் பாதியானது? மேக்டி தன் இலக்கான 7-ஐ நோக்கிப் போகப் போக, அது ஏறும் அளவு தினமும் குறைகிறது. பின்னால் வரும் சிக்னல் கோடு அதை எட்டிப்பிடிக்கிறது. ஏற்றம் இதே வேகத்தில் என்றென்றும் தொடர்ந்தால்கூட பட்டை பூஜ்யத்தை நோக்கித்தான் போகும்.

மேக்டி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதையே முதலில் வைப்பேன். "விலை புது உச்சம், பட்டை சிறுத்துவிட்டது, டைவர்ஜென்ஸ் வந்துவிட்டது, இறங்கப்போகிறது" என்று சார்ட்டில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தளர்ச்சியே இல்லாத, கோடு போட்டது போன்ற ஏற்றத்திலும் அதே டைவர்ஜென்ஸ் 15-ஆம் நாளிலிருந்து தெரிகிறது. பட்டை சுருங்குவதற்கு, வேகம் இனிமேல் கூடவில்லை என்பது மட்டுமே போதுமான காரணம். இந்த வழியில் விற்றவர் 115 ரூபாயில் வெளியேறிவிட்டார். பங்கு அதற்குப் பிறகு 25 ரூபாய் ஏறியது.

இரண்டாவது வழி, மேக்டி கோடு சிக்னல் கோட்டைக் கீழ்நோக்கி வெட்டினால் விற்பது. அதாவது பட்டை பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாள். 30-ஆம் நாள் மேக்டி 5.79, சிக்னல் 5.30. மறுநாளிலிருந்து ஏற்றம் 50 பைசாவாகிறது. மேக்டியின் இலக்கு இப்போது 7 இல்லை, 3.50. அது திரும்பி இறங்க ஆரம்பிக்கிறது. 36-ஆம் நாள் பட்டையில் இன்னும் 2 பைசா பாக்கி. 37-ஆம் நாள் வெட்டிவிட்டது. மேக்டி 5.58, சிக்னல் 5.63, விலை 133.50.

தொடக்கத்தில் சொன்ன சாயங்காலம் இதுதான். சிக்னல் கோடு பொய் சொல்லவில்லை. வேகம் பாதியானது உண்மை, அதை ஏழு நாளில் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. நாம்தான் அதை "விலை இறங்கப்போகிறது" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். விலை அதற்குப் பிறகும் 13 நாள் ஏறி 140 ஆகிறது. விற்ற விலைக்குக் கீழே வருவது 57-ஆம் நாள்தான்.

அந்த வெட்டு எவ்வளவு மெல்லிய விஷயம் என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்றைய முடிவு விலை 1 ரூபாய் மாறினால் இன்றைய பட்டை 6.4 பைசா மாறும். 36-ஆம் நாள் பட்டையில் இருந்தது 2.2 பைசா. அன்று பங்கு 133-க்குப் பதில் 132.60-இல் முடிந்திருந்தால், வெட்டு ஒரு நாள் முன்பே வந்திருக்கும். மதியம் இரண்டு மணிக்கு சார்ட்டில் தெரியும் வெட்டு மூன்றரைக்குச் சந்தை முடியும்போது காணாமல் போவது இதனால்தான். நாள் முடியாத கேண்டிலை வைத்து மேக்டியில் முடிவெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது வழி, மேக்டி பூஜ்யக் கோட்டுக்குக் கீழே போகும்வரை காத்திருப்பது. 12 நாள் இஎம்ஏ 26 நாள் இஎம்ஏ-வை வெட்டும் அதே நாள்தான் இது, வேறொன்றுமில்லை. உச்சத்தில், 50-ஆம் நாள், மேக்டி 4.48. அங்கிருந்து அது பூஜ்யம் வரை இறங்கி வர வேண்டும். விலை தினம் ஒரு ரூபாய் விழுந்துகொண்டிருக்கும்போது 61-ஆம் நாள் மேக்டி இன்னும் 0.17-இல் நிற்கிறது. 62-ஆம் நாள் மைனஸ் 0.25. விலை 128. உச்சத்திலிருந்து 12 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இந்தக் கதையில் சிக்னல் கோடு 133.50-இல் விற்றது, பூஜ்யக் கோடு 128-இல், பட்டை 115-இல். இதோடு நிறுத்தினால் சிக்னல் கோடே சிறந்தது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் 51-ஆம் நாளில் விலை இறங்கும் என்று முடிவு செய்தது நான்தானே.

கதையை மாற்றுவோம். 51-ஆம் நாளிலிருந்து பங்கு மறுபடியும் தினம் 1 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நாள் இளைப்பாறிவிட்டு அடுத்த ஓட்டம், நல்ல பங்குகளில் சாதாரணமாக நடப்பது. 55-ஆம் நாள் மேக்டி சிக்னல் கோட்டை மேல்நோக்கி வெட்டுகிறது. அன்று விலை 145. சிக்னல் கோட்டை நம்பியவர் 133.50-க்கு விற்றதை 145-க்குத் திரும்ப வாங்க வேண்டும். ஒரு பங்குக்கு 11.50 ரூபாய் கையை விட்டுப் போனது. அதுவும் அவர் ஒழுங்காகத் திரும்ப வாங்கினால். விற்ற விலையைவிட அதிகம் கொடுத்து வாங்க பெரும்பாலானவர்களுக்கு மனம் வருவதில்லை, அதனால் அடுத்த ஓட்டம் முழுவதையும் விட்டுவிடுகிறார்கள். பூஜ்யக் கோட்டை நம்பியவருக்கு இத்தனை நாளில் ஒன்றுமே நடக்கவில்லை, பங்கு அவரிடமே இருக்கிறது.

இதற்கு மேல் வரிக் கணக்கு. டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. என்ற பரிவர்த்தனை வரி. 12 மாதத்துக்குள் விற்ற லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல், 20 சதவீத வரி. சிக்னல் கோட்டைப் பின்பற்றுபவர் ஒரு வருடம் எதையும் வைத்திருப்பது அபூர்வம். ஆகவே இந்த 20 சதவீதத்தை அவர் அந்த வழியின் விலையாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பக்கவாட்டுச் சந்தை. பங்கு 100-க்கும் 105-க்கும் நடுவே ஆடுகிறது. ஐந்து நாள் தினம் 1 ரூபாய் ஏற்றம், ஐந்து நாள் இறக்கம், மறுபடி ஏற்றம். சில சுற்றுகள் ஓடி நிலைப்பட்ட பிறகு ஷீட்டில் பார்த்தால், சிக்னல் கோடு ஒவ்வொரு சுற்றிலும் 104-இல் வாங்கச் சொல்லி 101-இல் விற்கச் சொல்கிறது. ஒவ்வொரு பத்து நாளுக்கும் 3 ரூபாய் நஷ்டம், தவறாமல். பூஜ்யக் கோடு இதிலும் மோசம், உச்சத்தை ஒட்டி வாங்கி அடியை ஒட்டி விற்கும். ஏற்றத்தில் நம்மை 115-இல் இறக்கிவிட்ட பட்டைதான் இங்கே தப்பிக்கிறது. பட்டை திரும்பும் நாளில் வாங்கி விற்றால், 102-இல் வாங்கி 103-இல் விற்க முடிகிறது. 1 ரூபாய் லாபம், அதில் எஸ்.டி.டி.க்கே 20 பைசா போகும். பெரிய சம்பாத்தியம் இல்லை, ஆனால் நஷ்டம் இல்லாத ஒரே வழி அதுதான்.

பட்டை முதலில் பேசுவதால் குறுகிய ஆட்டத்தில் தாக்குப்பிடிக்கிறது, நீண்ட ஓட்டத்தில் பாதியிலேயே இறங்கிவிடுகிறது. பூஜ்யக் கோடு கடைசியாகப் பேசுவதால் நீண்ட ஓட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது, குறுகிய ஆட்டத்தில் எப்போதும் தவறான பக்கத்தில் மாட்டுகிறது. சிக்னல் கோடு நடுவில். எனவே எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இப்போது இருப்பது ஓட்டமா ஆட்டமா என்று கேட்க வேண்டும். அதற்கும் பதில் மேக்டி கட்டத்திலேயே இருக்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

மேக்டி கோட்டின் உயரத்தைப் பாருங்கள். 100-105 ஆட்டத்தில் மேக்டி பூஜ்யத்துக்கு மேலும் கீழும் சுமார் 30 பைசாவுக்குள்ளேயே சுற்றுகிறது. விலையில் 0.3 சதவீதம். ஏற்றத்தில், 30-ஆம் நாள், அது 130 ரூபாய் விலைக்கு 5.79, அதாவது 4.5 சதவீதம். பதினைந்து மடங்கு வித்தியாசம். ஆனால் சார்ட் மென்பொருள் கட்டத்தின் உயரத்துக்கு ஏற்றபடி படத்தை இழுத்துவிடுவதால், 30 பைசா அலையும் 6 ரூபாய் மலையும் திரையில் ஒரே மாதிரித் தெரியும். பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படிக்காமல் கோட்டின் வடிவத்தை மட்டும் பார்ப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

அந்த எண்ணை விலையால் வகுத்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேக்டி ரூபாயில் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதில் மேக்டி 500 என்றால் அரை சதவீதம்தான், பங்கு தூங்குகிறது என்று அர்த்தம். 100 ரூபாய்ப் பங்கில் மேக்டி 5 என்றால் நல்ல ஓட்டம். விலைக்குச் சதவீதமாகவே காட்டும் PPO என்ற இன்டிகேட்டரும் பெரும்பாலான சார்ட்டுகளில் உண்டு. கணக்கு ஏறத்தாழ அதேதான், இஎம்ஏ வித்தியாசத்தை 26 நாள் இஎம்ஏ-வால் வகுத்து 100-ஆல் பெருக்குகிறது. பல பங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் வைத்து நான் எப்படி முடிவு செய்கிறேன் என்று சொல்கிறேன். தினசரி சார்ட்டில், மேக்டி விலையின் 1 சதவீதத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் பங்கில் சிக்னல் வெட்டுகளை நான் எண்ணுவதே இல்லை, வாங்கவும் சரி விற்கவும் சரி. இந்த 1 சதவீதம் எல்லாப் பங்குக்கும் பொருந்தும் எண் இல்லை. உங்கள் பங்கின் சார்ட்டில் ஓரிரண்டு வருடம் பின்னால் போய், அது பக்கவாட்டில் கிடந்த மாதங்களில் மேக்டி எவ்வளவு உயரம் போனது என்று பார்த்தால், அந்தப் பங்குக்கான எண் கிடைத்துவிடும். அதைத் தாண்டி வெகு மேலே இருக்கும்போது சிக்னல் கோடு கீழ்நோக்கி வெட்டினால், அது வேகம் குறைந்த செய்தி. அப்போது பாதியை விற்கிறேன். மீதிப் பாதி பூஜ்யக் கோட்டுக்கு.

நம் பங்கில் இது என்ன செய்திருக்கும்? முதல் கதையில் பாதி 133.50-இல், பாதி 128-இல், சராசரி 130.75. இரண்டு வழிக்கும் நடுவில். இரண்டாவது கதையில் பாதிப் பங்கு கையிலேயே இருந்து அடுத்த ஓட்டத்தில் கலந்துகொண்டது. எந்தக் கதையிலும் இது முதலிடம் வராது. எந்தக் கதை வரப்போகிறது என்று 37-ஆம் நாள் சாயங்காலம் யாருக்கும் தெரியாது, அதனால் எனக்கு இது போதும். தினமும் சார்ட் பார்க்க நேரமில்லாதவர், வருடக்கணக்கில் வைத்திருக்க வாங்கியவர், பூஜ்யக் கோட்டை மட்டும் பார்த்தால் போதும் என்பேன், அதையும் வாராந்திர சார்ட்டில். நாலைந்து நாளில் முடிக்கும் வியாபாரம் செய்பவருக்குத்தான் பட்டை. அவரும் அதை ஓடுகிற பங்கில் விற்கும் காரணமாக எடுக்கக்கூடாது.

பட்டையில் எனக்குப் பயன்படுவது வேறொன்று. பூஜ்யத்துக்கு மேலே சுருங்கிவந்த பட்டை, வெட்டாமலேயே திரும்ப வளர ஆரம்பித்தால் கவனிக்கிறேன். வேகம் ஒரே நிலையில் இருந்தால் பட்டை சுருங்கத்தான் வேண்டும் என்று பார்த்தோம். அது மறுபடி வளர்கிறதென்றால் வேகம் நிஜமாகவே கூடியிருக்கிறது. சுருங்குவது பழக்கத்தினால் வரும், வளர்வதற்குக் காரணம் வேண்டும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் பட்டையில் இதே நம்பிக்கை வைக்காதீர்கள். முதல் கதையில் 47-ஆம் நாள் பட்டை மைனஸ் 0.313 வரை போய், 48-ஆம் நாள் மைனஸ் 0.311 என்று மேலே திரும்பியது. அதைப் பார்த்து வாங்கியவர் 139-இல் வாங்கியிருப்பார், உச்சத்துக்கு இரண்டு நாள் முன்னால்.

கடைசியாக, இந்தக் கணக்கெல்லாம் உள்ளே போகும் விலை சரியாக இருந்தால்தான். 840 ரூபாய்ப் பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால், விலை 420 ஆகிறது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பழைய விலைகளைப் பாதியாகத் திருத்தாத சார்ட்டில் மேக்டி இதைப் பெரும் சரிவாக எடுத்துக்கொள்ளும். வேறு அசைவே இல்லாவிட்டாலும் ஒன்பதாவது நாளில் மைனஸ் 117 வரை போகும். பிறகு அங்கிருந்து ஏறி சிக்னல் கோட்டை மேல்நோக்கி வெட்டி, இல்லாத ஒரு மீட்சிக்கு வாங்கச் சொல்லும். விலைச் சார்ட்டில் ஒரே நாளில் பாதியோ ஐந்தில் ஒன்றோ ஆன பள்ளம் தெரிந்தால், மேக்டியைப் பார்க்கும் முன் போனஸோ ஸ்பிளிட்டோ நடந்ததா என்று பாருங்கள்.

புதிதாகப் பட்டியலான பங்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 26 நாள் இஎம்ஏ-வை எந்த எண்ணில் தொடங்கினோமோ, அந்தத் தொடக்க எண்ணின் 13.5 சதவீதம் 26 நாள் கழித்தும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 100 நாளில்தான் அது ஆயிரத்தில் அரைப் பங்குக்கும் கீழே கரைகிறது. ஐபிஓ வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பங்கில் இரண்டு மென்பொருள் இரண்டு வேறு மேக்டி காட்டினால், இரண்டுமே தப்பாகக் கணக்கிடவில்லை. ஒன்று முதல் நாள் விலையிலிருந்து தொடங்கியிருக்கும், மற்றது முதல் 26 நாளின் சாதாரண சராசரியிலிருந்து. நூறு நாள் ஆகும்வரை அந்தப் பங்கின் மேக்டியை நான் திறப்பதில்லை.